சப்ளையர் பில்லின் ஒவ்வொரு வரியும் எந்த லெட்ஜருக்கு, எந்த செலவு மையத்துக்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தின் உதாரணங்கள் கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஜி.எஸ்.டி., கணக்கியல் விதிகள் இந்தியாவில் நடப்பில் உள்ளவை.

பில் தொகை சரி, சப்ளையர் பாக்கியும் சரி. அப்புறம் எதுக்கு வரி வரியாகப் பிரிக்கணும்?

இந்தத் தவறு டிரயல் பேலன்ஸில் தெரியவே தெரியாது என்பதுதான் காரணம். டெபிட்டை எந்த லெட்ஜரில் வைத்தாலும் கூட்டல் ஒத்துப்போகும், சப்ளையருக்கும் பணம் போய்விடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பாதிப்பு வேறு இடங்களில், தாமதமாக வெளிவரும். புது மோட்டார் உதிரிப்பாகச் செலவில் போனால் அந்த ஆண்டு லாபம் குறைந்து, சொத்துப் பதிவேட்டில் மோட்டாரே இல்லாமல் போகும். மோட்டார் ரீவைண்டிங் கூலி பேரிங் வாங்கிய கணக்கோடு கலந்தால், டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய தொகை எவ்வளவு என்று ஆண்டு முடிவில் யாருக்கும் தெரியாது. ஸ்பின்னிங் துறையின் விளக்குகள் கார்டிங்கில் ஏறினால், ஒரு கிலோ நூலுக்கான பராமரிப்புச் செலவு என்று மாதக் கூட்டத்தில் காட்டப்படும் எண் பொய்யாகிவிடும்.

லெட்ஜர் எது, செலவு மையம் எது? ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு.

ஒரு வரியைப் பார்த்ததும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வாங்கியது என்ன? அதற்கு விடை லெட்ஜர். யாருக்காக வாங்கியது? அதற்கு விடை செலவு மையம். முதல் கேள்விக்கு விடை சொல்லும்போது இரண்டாவதை நினைக்கவே கூடாது.

குழப்பம் பெரும்பாலும் லெட்ஜர் பட்டியலிலேயே தொடங்கிவிடுகிறது. ‘ஸ்பின்னிங் மின் பராமரிப்பு’, ‘கார்டிங் மின் பராமரிப்பு’, ‘விடுதி மின் பராமரிப்பு’ என்று மூன்று லெட்ஜர்கள் இருந்தால், துறையின் பெயர் லெட்ஜருக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். பத்துத் துறைகளும் பன்னிரண்டு செலவு வகைகளும் உள்ள ஆலையில் இப்படியே போனால் 120 லெட்ஜர்கள் வரும். மொத்தம் மின் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது என்று ஆடிட்டர் கேட்டால் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும். ‘மின் பராமரிப்பு’ என்று ஒரே லெட்ஜர் வைத்து, துறையைச் செலவு மையத்தில் சொன்னால் 12 லெட்ஜரும் 10 மையமும் போதும்.

சப்ளையரின் பெயர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஆகாது. ‘இவர் பில் வந்தால் எப்போதும் ரிப்பேர் கணக்குதான்’ என்ற பழக்கம்தான் தவறான பதிவுகளில் பெரும்பங்குக்குக் காரணம். மோட்டார் கட்டிக் கொடுப்பவரே பேரிங்கும் விற்பார், புது மோட்டாரும் விற்பார்.

செலவு மையங்கள் எத்தனை வைக்கலாம்?

அந்த எண்ணுக்கு மாதாமாதம் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் அது மையம். நூற்பாலையில் புளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், ஆட்டோகோனர் ஆகியவை உற்பத்தி மையங்கள். கம்ப்ரஸர், ஹியூமிடிஃபிகேஷன், பணிமனை, கேன்டீன், விடுதி, அலுவலகம் ஆகியவை சேவை மையங்கள். ஒவ்வொரு ஸ்பின்னிங் பிரேமுக்கும் தனி மையம் திறக்கலாமா என்றால், அந்த அறிக்கையைப் படிப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் பதிவு செய்பவருக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

‘பொது’ என்று ஒரு மையம் மட்டும் வேண்டாம். அது இருந்தால் யோசிக்க நேரமில்லாத வரியெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

பில்லில் ‘மெட்டீரியல் சப்ளை’ன்னு மட்டும் போட்டிருக்கு. என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள். விவரணையில் என்ன எழுதியிருந்தாலும் வரி விகிதத்துக்காக அந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகத்தான் போட்டிருப்பார்கள். 99-ல் தொடங்கினால் அது சேவை, 9987 என்றால் பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலை. 8482 பேரிங், 8501 மின் மோட்டார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள சப்ளையர் ஆறு இலக்கம் போட வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வாடிக்கையாளருக்கான பில்லில் நான்கு இலக்கம் போட வேண்டும். எனவே நான்கு இலக்கமாவது கண்ணில் படும்.

அடுத்து பர்சேஸ் ஆர்டர், அதற்கும் பின்னால் இருக்கும் இன்டென்ட். பொருளைக் கேட்டவர் யார், எந்த மெஷினுக்கு என்பது இன்டென்டில்தான் இருக்கும், பில்லில் இருக்காது. பொருள் ஸ்டோருக்கு வந்து ஜி.ஆர்.என். போடப்பட்டதா, நேரே மெஷினுக்குப் போய்விட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். லெட்ஜரையே மாற்றக்கூடிய விவரம் அது. இவ்வளவுக்குப் பிறகும் தெரியாவிட்டால் கேட்டவரிடம் போனில் கேளுங்கள். ஊகித்துப் போட்ட வரியை மூன்று மாதம் கழித்துத் தேடி எடுப்பதைவிட அது எளிது.

இங்கே ஒரு சின்ன ஏற்பாடு நிறைய வேலையைக் குறைக்கும். இன்டென்ட் படிவத்திலேயே மையத்துக்கு ஒரு கட்டம் வைத்து, அதைத் துறைத் தலைவரே நிரப்பும்படி செய்யுங்கள். கணக்குப் பிரிவு அதைச் சரிபார்த்தால் போதும், கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரே பில்லில் நாலைந்து வகை கலந்து வருது. ஒண்ணை முழுசா போட்டுக் காட்ட முடியுமா?

கோவைக்குள்ளேயே இருக்கும் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையின் பில் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து வரிகள்:

| வரி | அளவு | விலை ₹ | தொகை ₹ |
|---|---|---|---|
| 6205 பேரிங் | 20 | 300 | 6,000 |
| மோட்டார் ரீவைண்டிங், 7.5 எச்.பி. | 2 | 6,000 | 12,000 |
| புது மோட்டார், 10 எச்.பி. | 1 | 36,000 | 36,000 |
| எல்.இ.டி. டியூப் லைட் | 30 | 200 | 6,000 |
| வண்டி வாடகை | | | 1,200 |

வரிக்கு முன் 61,200. ஜி.எஸ்.டி. 18%, அதாவது சி.ஜி.எஸ்.டி. 5,508, எஸ்.ஜி.எஸ்.டி. 5,508. பில் மொத்தம் 72,216.

முதலில் வண்டி வாடகையைக் கரைத்துவிட வேண்டும். பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு அந்தப் பொருளின் அடக்கவிலையோடு சேர வேண்டியது. இருப்புச் சரக்குக்கு ஏ.எஸ். 2-வும் சொத்துக்கு ஏ.எஸ். 10-வும் அப்படித்தான் சொல்கின்றன. எல்லாப் பொருளும் ஒரே வண்டியில் வந்ததால் மதிப்பின் விகிதத்தில் பிரிக்கலாம். 60,000-க்கு 1,200 என்றால் 2%. பேரிங்குக்கு 120, ரீவைண்டிங்குக்கு 240, மோட்டாருக்கு 720, விளக்குகளுக்கு 120.

இப்போது பேரிங். இருபதும் ஸ்டோருக்கு வந்து ஜி.ஆர்.என். போடப்பட்டிருக்கின்றன, இன்னும் எந்த மெஷினிலும் மாட்டப்படவில்லை. ஆகவே 6,120 ‘ஸ்டோர் உதிரிப்பாக இருப்பு’ லெட்ஜரில் உட்காரும், செலவு மையம் எதுவும் இல்லை. ஒன்றின் அடக்கவிலை 306. அடுத்த வாரம் ஸ்பின்னிங்குக்கு எட்டு பேரிங் கொடுத்தால், அன்றைய இஷ்யூ சீட்டின்படி 2,448 ‘உதிரிப்பாக நுகர்வு’ செலவில், ஸ்பின்னிங் மையத்தில் ஏறும். பில் வந்த அன்றே இருபதையும் ஸ்பின்னிங்கில் போட்டிருந்தால், மீதி பன்னிரண்டு கார்டிங்குக்குப் போகும்போது கார்டிங்கின் செலவு கணக்கில் வராமலே போயிருக்கும்.

ரீவைண்டிங் பொருள் அல்ல, வேலை. 12,240 ‘இயந்திரப் பழுதுபார்ப்பு’ லெட்ஜருக்குப் போகும். இன்டென்டைப் பார்த்தால் ஒரு மோட்டார் கார்டிங்கிலிருந்தும் இன்னொன்று ஹியூமிடிஃபிகேஷனிலிருந்தும் போயிருக்கிறது. ஆகவே தலா 6,120. இந்த வரியைத் தனியாக வைப்பதில் இன்னொரு பயன் டி.டி.எஸ். ஒப்பந்த வேலைக்கு ஒரு பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஆண்டு மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேல் போனால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் 1%, மற்றவர்க்கு 2%. இந்தப் பில்லில் வேலை 12,000 மட்டுமே. ஆனால் இதே கடைக்கு ஆண்டு முழுவதும் போன ரீவைண்டிங் கூலி லட்சத்தைத் தாண்டியதா என்பது அது தனி லெட்ஜரில் இருந்தால்தான் தெரியும்.

புது மோட்டார், கழிவுப் பஞ்சை உறிஞ்சப் புதிதாக அமைத்துவரும் அமைப்புக்காக வாங்கியது. அமைப்பு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஆகவே 36,720 ‘முடிவடையாத மூலதனப் பணி’ லெட்ஜருக்குப் போகும். துறை மையம் கிடையாது, அந்தத் திட்டத்தின் எண்தான் அடையாளம். அமைப்பு பயன்பாட்டுக்கு வரும் நாளில் மொத்தமும் இயந்திரச் சொத்துக்கு மாறி, அன்றிலிருந்து தேய்மானம் தொடங்கும்.

விளக்குகளில்தான் கை தடுமாறும். முப்பதில் பதினெட்டு ஸ்பின்னிங்குக்கு, ஆறு பெண்கள் விடுதிக்கு, ஆறு அலுவலகத்துக்கு. ஸ்டோருக்குப் போகாமல் நேரே மாட்டப்பட்டவை. ‘விடுதிக்குப் போனது ஊழியர் நலச் செலவு, அலுவலகத்துக்குப் போனது அலுவலகச் செலவு’ என்று மூன்று லெட்ஜராக உடைக்கத் தோன்றும். வேண்டாம். வாங்கியது விளக்கு, லெட்ஜர் ‘மின் பராமரிப்பு’ ஒன்றுதான். ஒன்றுக்கு 204 வீதம் ஸ்பின்னிங் 3,672, விடுதி 1,224, அலுவலகம் 1,224. விடுதிக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் விடுதி மையத்தின் அறிக்கையை எடுத்தால் போதும்.

சரிபார்க்க: 6,120 + 12,240 + 36,720 + 6,120 = 61,200. உள்ளீட்டு வரி 11,016 சேர்த்தால் 72,216. சப்ளையருக்குக் கிரெடிட்டும் அதே 72,216.

புது மோட்டார்னா எப்பவுமே சொத்துதானா? பழசு எரிஞ்சுபோய் மாத்தினா?

இல்லை. மேலே உள்ளது புது அமைப்பின் பகுதி, அதனால் சொத்து. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்டிங் மெஷினில் எரிந்துபோன மோட்டாருக்குப் பதிலாக அதே திறனுள்ள மோட்டாரை மாட்டினால், பெரும்பாலான ஆலைகள் அதை இயந்திரப் பழுதுபார்ப்பு என்றே எழுதும். மெஷின் முன்பு செய்ததையே மறுபடியும் செய்கிறது, கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மாற்றிய பகுதி மெஷின் விலையில் கணிசமான பங்கும் தனக்கென்று வேறு ஆயுளும் கொண்டதாக இருந்தால், ஏ.எஸ். 10-ன்படி புதியதைச் சொத்தாகச் சேர்த்து, கழற்றிய பழையதன் மீதி மதிப்பைச் சொத்திலிருந்து நீக்க வேண்டும். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது ஒரே மெஷினில் இரண்டு மோட்டார்கள் இருப்பதாகப் பதிவேடு காட்டும்.

முழு மெஷினையே மாற்றினால் நிலைமை வேறு. நூற்பாலைகளுக்கு நேரடியாகப் பொருந்தும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2007-ல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆலையின் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி இயந்திரம்தான், பழைய ரிங் பிரேமை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது வருமான வரிச் சட்டம் சொல்லும் ‘நடப்புப் பழுதுபார்ப்பு’ ஆகாது என்று சொன்னது. ‘முழு ஆலையும் ஒரே இயந்திரம், அதில் ஒரு பாகத்தைத்தான் மாற்றினோம்’ என்ற வாதம் எடுபடவில்லை. ஆக, மெஷினுக்குள் ஒரு பாகம் என்றால் பழுதுபார்ப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. மெஷினே புதிது என்றால் அந்த வாய்ப்பு இல்லை.

தொகை வரம்பு ஒன்றையும் நிறுவனம் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இவ்வளவு ரூபாய்க்குக் கீழே உள்ள கருவிகளை நேரே செலவில் எழுதுவோம் என்று ஒரு வரி போதும். அது இல்லாத இடத்தில் ஒரே டிரில்லிங் மெஷின் ஒரு மாதம் சொத்தாகவும் அடுத்த மாதம் செலவாகவும் பதிவாகும். எந்த வரம்பு வைத்தாலும், ஒரே பொருளுக்கான பில்லைப் பல துண்டாக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவரும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

சொத்தாகப் பதியும் பில் வரிகளின் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு எச்சரிக்கை. வரித் தொகையைச் சொத்தின் மதிப்பில் சேர்த்து அதற்கும் தேய்மானம் எடுத்தால், அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

வரவு எடுக்க முடியாத ஜி.எஸ்.டி.யை எங்கே போடுறது?

பில்லின் எந்த வரியில் உள்ள பொருளோடு வந்ததோ, அந்தப் பொருளின் லெட்ஜருக்கும் மையத்துக்குமே. ‘ஜி.எஸ்.டி. செலவு’ என்று தனி லெட்ஜர் திறந்து எல்லாவற்றையும் அதில் கொட்டினால், வாகனச் செலவும் விருந்துச் செலவும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

மேலாளர் பயன்படுத்தும் கார் சர்வீஸ் பில் 8,000, வரி 1,440 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வாகனத்துக்கும் அதன் பழுதுபார்ப்புக்கும் சாதாரண நிறுவனத்துக்கு வரவு தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 9,440 முழுவதும் வாகனப் பராமரிப்பு, அலுவலக மையம். அதே பணிமனையிலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றும் லாரிக்கான பில் வந்தால் வரவு உண்டு, 8,000 மட்டுமே செலவு. பில்லில் வண்டி எண் இல்லாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. அதனால் வாகனப் பில்லில் வண்டி எண் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

உணவுப் பில்லிலும் இதே கவனம் வேண்டும். உணவுக்கும் கேட்டரிங்குக்கும் பொதுவாக வரவு இல்லை. ஆனால் ஏதாவது ஒரு சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் கேன்டீன் என்றால் உண்டு. தொழிலாளர் கேன்டீன் பில்லும் இயக்குநர்கள் கூட்டத்துச் சாப்பாட்டுப் பில்லும் ஒரே கேட்டரரிடமிருந்து வந்தாலும் ஒரே வரியாகப் போடக் கூடாது.

கரண்ட் பில்லை எல்லாத் துறைக்கும் எப்படிப் பிரிக்கிறது?

உயரழுத்த இணைப்பின் பில்லில் குறைந்தது இரண்டு வகைக் கட்டணம் இருக்கும். ஓடிய யூனிட்டுக்கு ஒன்று, டிமாண்டுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே விகிதத்தில் பிரிப்பது தவறு.

யூனிட் கட்டணத்துக்குத் துறை மீட்டர்கள் இருக்க வேண்டும். பிரதான மீட்டர் 2,00,000 யூனிட் காட்டுகிறது, துறை மீட்டர்களின் கூட்டல் 1,94,000 என்று வையுங்கள். மீதி 6,000 டிரான்ஸ்பார்மரிலும் கேபிளிலும் போன இழப்பு. அதை ‘அலுவலகம்’ என்றோ ‘மற்றவை’ என்றோ தள்ளிவிடாமல், ஒவ்வொரு துறையின் அளவையும் 2,00,000/1,94,000 என்ற விகிதத்தால் பெருக்குங்கள். ஸ்பின்னிங் மீட்டர் 97,000 காட்டினால் அதன் பங்கு 1,00,000 யூனிட், அதாவது யூனிட் கட்டணத்தில் சரிபாதி. இழப்பு திடீரென்று இரண்டு மடங்கானால் கணக்கைவிட மீட்டரைச் சந்தேகியுங்கள். ஏதோ ஒரு துறை மீட்டர் நின்றிருக்கும்.

டிமாண்டு கட்டணம் வேறு மாதிரி. அது ஆலை எவ்வளவு மின்சாரத்துக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான விலை, மெஷின் நின்றாலும் வரும். ஆகவே துறைகளின் இணைக்கப்பட்ட திறன் விகிதத்தில் பிரிப்பதே நியாயம். யூனிட் விகிதத்தில் பிரித்தால், கார்டிங் பத்து நாள் நின்ற மாதத்தில் அதன் டிமாண்டுப் பங்கையும் ஸ்பின்னிங் சுமக்கும்.

தாமதமாகக் கட்டியதற்கான கூடுதல் தொகை பில்லில் இருந்தால் அது மின்சாரச் செலவே அல்ல, நிதிச் செலவு. எந்த உற்பத்தித் துறையும் அதற்குப் பொறுப்பு இல்லை. பவர் ஃபேக்டர் குறைந்ததற்கான அபராதம் அப்படி இல்லை. அது மின்சாரச் செலவுதான், ஆனால் மின் பிரிவின் மையத்தில் வைத்தால்தான் கெப்பாசிட்டர் பழுதை யாராவது கவனிப்பார்கள்.

டேலியில் மையம் கேட்கவே இல்லை. ஏன்?

டேலி பிரைமில் இரண்டு இடம் திறந்திருக்க வேண்டும். `F11`-ல் `Enable Cost Centres` என்பது `Yes` ஆக இருக்க வேண்டும். அதோடு அந்த லெட்ஜரின் மாஸ்டரில் `Cost centres are applicable` என்பதும் `Yes` ஆக வேண்டும். இரண்டாவது `No` என்றால் டேலி எந்த எச்சரிக்கையும் தராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பின்னர் `Yes` ஆக்கினாலும் பழைய வவுச்சர்கள் தாமாக நிரம்பாது, ஒவ்வொன்றையும் திறந்துதான் பிரிக்க வேண்டும். அதனால் புது லெட்ஜர் திறக்கும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மூலதனப் பணி போன்ற சொத்து லெட்ஜருக்குத் திட்டப் பெயரில் மையம் வைக்க நினைத்தால், அந்த மையம் இருக்கும் காஸ்ட் கேட்டகரியில் `Allocate non-revenue items` என்பதும் `Yes` ஆக இருக்க வேண்டும். திட்டங்களைத் துறைகளோடு கலக்காமல் தனி கேட்டகரியில் வைத்தால் துறை அறிக்கை சுத்தமாக இருக்கும்.

மார்ச்சில் செய்த வேலைக்கு ஏப்ரல் தேதியில் பில். எந்த வருஷம்?

வேலை முடிந்த ஆண்டு. மார்ச் 31-ல் வரிக்கு முந்தைய தொகையை அதே லெட்ஜர், அதே மையத்தில் ஒதுக்கீடாகப் போட்டு, பில் வந்ததும் அந்த ஒதுக்கீட்டை நீக்குங்கள். ஒதுக்கீட்டை மையம் இல்லாமல் போட்டுவிட்டு, ஏப்ரலில் பில்லை மையத்தோடு பதிவு செய்தால், புது ஆண்டில் அந்தத் துறைக்கு இல்லாத செலவு ஒன்று முளைக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இதே கதைதான். ஜனவரி 1-ல் தொடங்கும் 12 மாத ஒப்பந்தத்தில் மார்ச் வரை மூன்று பங்குதான் செலவு, ஒன்பது பங்கு முன்செலுத்திய செலவு.

தப்பாப் போட்டிருக்குன்னு மாசக் கடைசியில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

`Cost Centres` அறிக்கைகளில் `Ledger Break-up` எடுத்து, ஒவ்வொரு செலவு லெட்ஜரின் மையவாரிக் கூட்டலையும் லாப நட்டக் கணக்கில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அவ்வளவும் மையம் இல்லாத பதிவுகள். அடுத்து ஒவ்வொரு துறைக்கும் இந்த மாதத்தையும் முந்தைய மூன்று மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுதுபார்ப்பு லெட்ஜரில் ஒரே வரி மற்றவற்றைவிடப் பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றால் அது சொத்தாக இருக்கலாம். ஆட்டோகோனருக்கு இரண்டு மாதமாக உதிரிப்பாகச் செலவே இல்லையென்றால் அதையும் சந்தேகிக்க வேண்டும். அந்த மெஷின் உதிரிப்பாகம் இல்லாமல் ஓடாது, ஆகவே செலவு வேறு எங்கோ ஏறியிருக்கிறது. பெரிதாகத் தெரிவதை எல்லோரும் கேட்பார்கள். காணாமல் போனதை யாரும் கேட்பதில்லை.

‘இதரச் செலவு’ லெட்ஜரைத் தனியாகத் திறந்து பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, வருவாயில் 1% அல்லது 1,00,000 ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டும் எந்தச் செலவையும் தனியாகக் காட்ட வேண்டும். இதரச் செலவு பெருத்தால் ஆடிட்டர் அதை உடைக்கச் சொல்வார், அப்போது பன்னிரண்டு மாதப் பில்களையும் தோண்ட வேண்டியிருக்கும்.

மாசம் குளோஸ் ஆன பிறகு தப்புத் தெரிஞ்சா?

பழைய வவுச்சரைத் திறந்து திருத்தாதீர்கள். அந்த மாத அறிக்கை ஏற்கெனவே மேசைகளுக்குப் போயிருக்கும். தவிர, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது விதி. பழைய மாதத்தில் செய்த மாற்றம் ஆடிட்டர் கண்ணில் படும், காரணமும் கேட்கப்படும். நடப்பு மாதத்தில் ஜர்னல் போட்டு, விவரணையில் பழைய வவுச்சர் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

லெட்ஜர் சரி, மையம் மட்டும் தவறு என்றால் ஜர்னலின் இரு பக்கமும் ஒரே லெட்ஜர்தான். விடுதி விளக்குகள் தவறுதலாகக் கார்டிங்கில் ஏறியிருந்தால், மின் பராமரிப்பு 1,224 டெபிட் விடுதி மையத்தில், மின் பராமரிப்பு 1,224 கிரெடிட் கார்டிங் மையத்தில். லெட்ஜர் பாக்கி அசையாது, மையங்கள் மட்டும் மாறும். ஜி.எஸ்.டி.யைத் தொட வேண்டியதில்லை.

சொத்து செலவாகப் போயிருந்தால் ஜர்னலோடு வேலை முடியாது. மூலதனப் பணியில் இருக்கிறதா, பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்து, வந்துவிட்டால் அந்தத் தேதியிலிருந்து தேய்மானத்தையும் கணக்கிட்டுப் போட வேண்டும்.

பொருளைத் திருப்பி அனுப்பினா கிரெடிட் நோட்டை எதில் போடுறது?

முதல் பில்லில் அந்த வரி உட்கார்ந்த அதே லெட்ஜரில், அதே மையத்தில். ஸ்பின்னிங்கில் மாட்டிய டியூப் லைட்டுகளில் நான்கு எரியாமல் திருப்பி அனுப்பினால், கடைக்காரர் விளக்கின் விலையான 800-க்கும் அதன் வரிக்கும்தான் கிரெடிட் நோட் தருவார், வண்டி வாடகையைத் தர மாட்டார். ஆகவே மின் பராமரிப்பு, ஸ்பின்னிங் மையத்தில் 800 குறையும். உள்ளீட்டு வரியில் 144 குறையும். நான்கு விளக்குகளின் மேல் ஏறிய 16 ரூபாய் வாடகை ஸ்பின்னிங்கிலேயே தங்கும். ‘இதர வருமானம்’ என்று போட்டால் செலவும் வருமானமும் இரண்டுமே உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.